‘இலங்கை’ எப்படி xkc2al3hye2a ஆகிறது?

உலாவியின் முகவரிப் பட்டியில் `.இலங்கை` என்று முடியும் ஒரு முகவரியைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். தளமும் திறக்கும். ஆனால் அதே முகவரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால், பல நேரங்களில் தமிழ் எழுத்துகள் காணாமல் போய் `xn--xkc2al3hye2a` என்று ஒன்று வந்து நிற்கும். இது ஏதோ எழுத்துரு உடைந்த குப்பை என்று நினைப்பவர்கள் நிறைய. அது குப்பை அல்ல. `xn--`க்குப் பின்னால் உள்ள பன்னிரண்டு எழுத்துகளுக்குள் ‘இலங்கை’ என்ற சொல் ஒரு புள்ளி கூட விடுபடாமல் இருக்கிறது. காகிதமும் பேனாவும் எடுத்தால் கையாலேயே கணக்குப் போட்டு இந்த மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்த மாற்றம் எதற்கு? டொமைன் பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் என்ற அமைப்பு 1980களில் உருவானது. அதில் கணினிப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும் என்ற வழக்கம் அப்போதே நிலைத்துவிட்டது. டிஎன்எஸ் நெறிமுறை வேறு பைட்டுகளைத் தாங்காது என்பதில்லை. ஆனால் உலகம் முழுக்க உள்ள அஞ்சல் சேவையகங்கள், உலாவிகள், ரவுட்டர்கள், சான்றிதழ் மென்பொருள்கள் எல்லாம் அந்த வழக்கத்தை நம்பி எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வழியில்லை. அதனால் வேறொரு பாதை எடுத்தார்கள்: டிஎன்எஸ்ஸைத் தொடாமல், பயனரின் பக்கத்தில் உள்ள மென்பொருளே பெயரை ஆஸ்கி எனப்படும் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு மாற்றி அனுப்பட்டும். சேவையகத்துக்குத் தமிழ் வருவதே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் `xn--` என்று தொடங்கும் ஓர் ஆஸ்கிப் பெயர்தான்.

அந்த மாற்றத்தின் மையத்தில் இருக்கும் முறைக்குப் பியூனிகோட் என்று பெயர். ஆடம் காஸ்டெல்லோ எழுதிய இது 2003 மார்ச்சில் ஆர்எஃப்சி 3492 என்ற ஆவணமாக வெளிவந்தது. முன்னால் வரும் `xn--` பியூனிகோடின் பகுதி அல்ல, ‘இனி வருவது மாற்றப்பட்ட பெயர்’ என்று சொல்லும் அடையாளம் மட்டுமே. `.இலங்கை` என்ற மேல்நிலைப் பெயர் 2010இல் அனுமதி பெற்றது. நம்முடைய கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

ஆறு குறியெண்கள்

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைக் குறியெண் என்று அழைப்போம். ‘இலங்கை’ என்பதை நாம் நான்கு எழுத்தாகப் படிக்கிறோம்: இ, ல, ங், கை. கணினி அதை ஆறாகச் சேமிக்கிறது. ‘ங்’ என்பதில் ங தனி, புள்ளி தனி. ‘கை’ என்பதில் க தனி, ஐகாரக் குறி தனி. அந்தக் குறி திரையில் க-வுக்கு முன்னால் தெரிந்தாலும், சேமிப்பில் க-வுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆக, வரிசை இது:

```
இ     ல     ங     ்     க     ை
2951  2994  2969  3021  2965  3016
```

இந்த ஆறு எண்களை `a` முதல் `z` வரை, `0` முதல் `9` வரை உள்ள 36 குறிகளால் எழுத வேண்டும். நேரடி வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு எண்ணையும் பதினாறடிமானத்தில் நான்கு இலக்கமாக எழுதிவிடலாம். ஆறு எண்ணுக்கு 24 இலக்கம். ஆனால் டொமைன் பெயரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒரு துண்டுக்கு 63 குறிகள்தான் உச்ச வரம்பு, அதிலும் `xn--` நான்கைத் தின்றுவிடும். தாராளமாகச் செலவழிக்க இடமில்லை.

பியூனிகோட் ஓர் உண்மையைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு சொல்லின் எழுத்துகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மொழியைச் சேர்ந்தவை, அவற்றின் குறியெண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மேலே உள்ள ஆறையும் பாருங்கள்: எல்லாம் 2951க்கும் 3021க்கும் நடுவே. ‘நான் தமிழ்ப் பகுதிக்கு வந்துவிட்டேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பிறகு சின்னச் சின்ன வித்தியாசங்களைச் சொன்னாலே ஆகிவிடும். அந்த வித்தியாசங்கள் சிறியதாக இருக்க வேண்டுமானால், எழுத்துகளைச் சொல்லில் வரும் வரிசையில் எடுக்காமல் குறியெண் வரிசையில், சிறியதிலிருந்து பெரியதாக எடுக்க வேண்டும்: இ, க, ங, ல, ை, புள்ளி.

ஆனால் அப்படி எடுத்தால் சொல்லின் வரிசை குலைந்துபோகுமே? ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதையும் எங்காவது சொல்லியாக வேண்டும். எந்த எழுத்து, எந்த இடம் என்ற இரண்டு செய்திகளையும் ஒரே எண்ணுக்குள் வைத்துவிடுகிறார்கள். பியூனிகோடில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நடந்து எண்ணும் கணக்கு

ஒரு சுட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறது: இப்போது எந்தக் குறியெண், சொல்லில் இப்போது எந்த இடம். தொடக்கத்தில் குறியெண் 128, ஏனென்றால் ஆஸ்கி 127உடன் முடிகிறது. சொல் காலியாக இருக்கிறது. இடம் 0.

சுட்டி ஒவ்வோர் அடியாக நகரும். அடி வைத்தால் அடுத்த இடத்துக்குப் போகும். எல்லா இடங்களும் முடிந்துவிட்டால் குறியெண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு மறுபடி இடம் 0க்குத் திரும்பும். சொல்லில் ஏற்கெனவே சில எழுத்துகள் இருந்தால், புது எழுத்து நுழையக்கூடிய இடங்கள் அவற்றைவிட ஒன்று அதிகம்: எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொன்றுக்கும் நடுவில், கடைசியில். சரியான குறியெண்ணும் சரியான இடமும் வரும்போது எழுத்தை வைத்துவிட்டு, சுட்டி அதற்கு அடுத்த இடத்தில் நிற்கும். அதுவரை வைத்த அடிகளின் எண்ணிக்கையைத்தான் நாம் எழுதி அனுப்புகிறோம்.

முதல் எழுத்து இ. சொல் காலி, ஆகவே ஒரே ஓர் இடம்தான். 128இலிருந்து 2951 வரை போக 2823 அடி. இ-யை வைத்தாயிற்று. சுட்டி இப்போது இடம் 1இல் நிற்கிறது.

அடுத்தது க, குறியெண் 2965. வித்தியாசம் 14. சொல்லில் ஓர் எழுத்து இருப்பதால் இரண்டு இடங்கள். ஒரு குறியெண்ணைக் கடக்க இரண்டு அடி, அப்படி 14 சுற்றுக்கு 28 அடி. க இ-க்குப் பின்னால் வர வேண்டும், அது இடம் 1. சுட்டி நிற்பதும் அங்கேதான். கூட்டவோ கழிக்கவோ ஒன்றுமில்லை. விடை 28. சொல் இப்போது ‘இக’. சுட்டி இடம் 2.

மூன்றாவது ங, 2969. வித்தியாசம் 4, இடங்கள் 3, பெருக்கினால் 12. ஆனால் ங, இ-க்கும் க-வுக்கும் நடுவே இடம் 1இல் நுழைய வேண்டும். சுட்டி 2இல் நிற்கிறது. ஓர் அடி குறைவாகப் போதும். விடை 11. சொல் ‘இஙக’.

நான்காவது ல, 2994. வித்தியாசம் 25, இடங்கள் 4, அதாவது 100. நுழைய வேண்டியது இடம் 1, சுட்டி நிற்பது 2. விடை 99. சொல் ‘இலஙக’.

ஐந்தாவது ஐகாரக் குறி, 3016. வித்தியாசம் 22, இடங்கள் 5, அதாவது 110. அது கடைசியில், இடம் 4இல் வர வேண்டும். சுட்டி 2இல். இரண்டு அடி கூடுதல். விடை 112. சொல் ‘இலஙகை’.

கடைசியாகப் புள்ளி, 3021. வித்தியாசம் 5, இடங்கள் 6, அதாவது 30. புள்ளி ங-வுக்குப் பின்னால் இடம் 3இல் நுழைய வேண்டும். சுட்டி 5இல் நிற்கிறது, இரண்டு அடி குறைவு. விடை 28. சொல் ‘இலங்கை’.

ஆக, முழுச் சொல்லும் ஆறு எண்களாகிவிட்டது: 2823, 28, 11, 99, 112, 28. முதல் எண் மட்டும் பெரியது, மற்றவை எல்லாம் சிறியவை. எதிர்பார்த்ததும் இதுதான். திரும்பச் சொல்லாக மாற்ற வேண்டுமென்றால் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல். உதாரணமாக ல-வுக்கு: சுட்டி நின்ற இடம் 2, அதோடு 99 சேர்த்தால் 101. நான்கு இடங்களால் வகுத்தால் ஈவு 25, மீதி 1. ஈவு சொல்வது குறியெண் எவ்வளவு கூட வேண்டும் என்பதை, மீதி சொல்வது எந்த இடம் என்பதை. 2969உடன் 25 சேர்த்தால் 2994, அதாவது ல. இடம் 1. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எண்ணை எழுத்தாக்குவது

இனி இந்த ஆறு எண்களை `a` முதல் `9` வரையான குறிகளால் எழுத வேண்டும். `a` என்றால் 0, `b` 1, அப்படியே போய் `z` 25. அப்புறம் `0` என்ற இலக்கம் 26, `1` 27, கடைசியில் `9` 35. இது முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும்: இங்கே `2` என்ற குறியின் மதிப்பு 28.

ஒரு சிக்கல் உண்டு. எண்களை ஒட்டி ஒட்டி எழுதினால் ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நடுவில் காற்புள்ளி போட முடியாது, இருப்பதே 36 குறிகள்தான். அதனால் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எல்லை எண் வைக்கிறார்கள். குறியின் மதிப்பு எல்லைக்குக் கீழே இருந்தால் எண் அங்கே முடிந்தது. எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னும் வரும். சிறியது முதலில், பெரியது பின்னால் என்ற வரிசையில் குறிகள் வரும்.

99ஐ எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில் எல்லை 26. 99 அதைவிடப் பெரியது, ஆகவே ஒரே குறியில் முடியாது. முதல் குறி 26இலிருந்து 35க்குள் இருந்தாக வேண்டும், அதாவது பத்து வாய்ப்புகள். 99இல் 26ஐக் கழித்தால் 73. பத்தால் வகுத்தால் ஈவு 7, மீதி 3. முதல் குறி 26+3=29, அது `3`. மிச்சம் உள்ள 7 எல்லைக்குக் கீழே, ஆகவே அப்படியே `h`. சரிபார்க்க: 29 + 7×10 = 99. ஆக 99 என்பது `3h`.

முதல் எண்ணான 2823க்கு எல்லைகள் வேறு: முதல் இரண்டு குறிகளுக்கு 1, மூன்றாவதற்கு 26. எல்லை 1 என்றால் பூச்சியத்தைத் தவிர எல்லாம் ‘இன்னும் வரும்’ என்று பொருள். எனவே ஒவ்வொரு குறிக்கும் 35 வாய்ப்புகள். கணக்கைப் போட்டால் 23, 10, 2 என்று வரும். 23 + 10×35 + 2×35×35 = 2823. குறிகளாக எழுதினால் `xkc`.

இந்த எல்லைகள் எங்கிருந்து வருகின்றன? யாரும் தனியாக அனுப்புவதில்லை. கடைசியாக எழுதிய எண்ணைப் பார்த்து இரு தரப்பும் ஒரே சூத்திரத்தால் கணக்கிட்டுக்கொள்கின்றன. சூத்திரத்தின் எண்ணம் எளிது: இப்போது வந்தது சிறிய எண் என்றால் அடுத்ததும் சிறியதாகத்தான் இருக்கும், எனவே ஒரே குறியில் முடிக்க வசதியாக எல்லையை உயர்த்து. பெரிய எண் என்றால் தாழ்த்து. முதல் எண் மட்டும் விதிவிலக்கு. ஆஸ்கியிலிருந்து தமிழ்ப் பகுதிக்குத் தாவும் பெரிய தாவல் அது, அதை வைத்து அடுத்ததை ஊகிக்கக்கூடாது. அதனால் அதை 700ஆல் வகுத்துச் சிறிதாக்கிவிடுகிறார்கள். மற்ற எண்களை 2ஆல் மட்டுமே வகுப்பார்கள். 2823 ÷ 700 என்றால் 4, பின்னம் தள்ளுபடி. அதோடு, அதையே சொல்லில் இப்போது உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்க வேண்டும். ஓர் எழுத்துதான் இருக்கிறது, எனவே இன்னொரு 4 சேர்ந்து 8. அடுத்து 36×8ஐ 8+38ஆல் வகுத்தால் 6. 36இலிருந்து 6ஐக் கழித்தால் 30. எல்லை 1க்குக் குறையவோ 26ஐத் தாண்டவோ கூடாது என்பதால் அது 26 ஆகிறது. மற்ற எண்களுக்கும் இதே கணக்குதான். விடை இப்படி வரும்:

```
இ     2823   xkc
க       28   2a
ங       11   l
ல       99   3h
ை     112   ye
்       28   2a
```

சேர்த்தால் `xkc2al3hye2a`. முன்னால் `xn--` போட்டால் டிஎன்எஸ்ஸில் உள்ள பெயர் கிடைத்துவிட்டது. 28 இரண்டு முறை வந்தபோதும் `2a` என்றே வந்திருப்பது தற்செயல்தான். முதல் முறை எல்லை 26, இரண்டாம் முறை 14.

பைத்தான் வைத்திருப்பவர்கள் உடனே சரிபார்க்கலாம்:

```python
>>> 'இலங்கை'.encode('punycode')
b'xkc2al3hye2a'
>>> 'இலங்கை'.encode('idna')
b'xn--xkc2al3hye2a'
```

கணக்கு புரிந்துவிட்டால் இந்தப் பெயர்கள் கொஞ்சம் பேச ஆரம்பிக்கும். `.இந்தியா` என்பது `xn--xkc2dl3a5ee0h`. அதுவும் `xkc` என்றே தொடங்குகிறது, ஏனென்றால் இரண்டு சொல்லிலும் மிகச் சிறிய குறியெண் இ-யினுடையது. `.சிங்கப்பூர்` என்பது `xn--clchc0ea0b2g2a9gcd`. அதில் மிகச் சிறியது க, அதனால்தான் `clc` என்ற தொடக்கம். சொல் ச-வில் தொடங்குகிறதே என்று பார்க்கக்கூடாது, முதல் மூன்று குறிகள் காட்டுவது சொல்லின் முதல் எழுத்தை அல்ல. அதே பெயரின் கடைசியில் உள்ள `c`, `d` இரண்டையும் பாருங்கள். சிங்கப்பூரில் மூன்று புள்ளிகள். ஒரு புள்ளியை வைத்த பிறகு அதே குறியெண்ணில் இன்னொன்று வைக்கச் சுற்றே தேவையில்லை, இரண்டு அடி தள்ளி ஒன்று, மூன்று அடி தள்ளி இன்னொன்று. `c` என்றால் 2, `d` என்றால் 3. திரும்பத் திரும்ப வரும் எழுத்து மிக மலிவு. பதினொரு குறியெண்கள் கொண்ட அந்தச் சொல் யுடிஎஃப்-8இல் 33 பைட்டுகள் பிடிக்கும், பியூனிகோடில் 18 குறிகளில் முடிகிறது.

ஆங்கிலமும் கலந்திருந்தால்? ஆஸ்கி எழுத்துகள் அப்படியே முதலில் எழுதப்படும், ஓர் இடைக்கோடு வரும், பிறகுதான் மேலே பார்த்த கணக்கு. ஜெர்மன் மொழியில் புத்தகங்கள் என்று பொருள்படும் `bücher` என்ற சொல் `xn--bcher-kva` ஆகிறது. நடுவில் உள்ள `ü` மட்டும் வெளியே எடுக்கப்பட்டு, 124 சுற்று × 6 இடம் + 1 = 745 என்ற எண்ணாக, `kva` என்று கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறது. இலங்கையில் ஆஸ்கி எழுத்து எதுவும் இல்லாததால் அந்த இடைக்கோடும் இல்லை.

பியூனிகோடுக்கு முன்னால் செய்ய வேண்டியது

நிரல் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் இங்கே. பியூனிகோட் ஒரு கணக்கு மட்டுமே. கொடுத்த குறியெண்களை அப்படியே மாற்றிக் கொடுக்கும். அவை சரியான வடிவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. அந்த வேலை ஐடிஎன்ஏ என்ற விதிமுறையுடையது. அதனால்தான் பைத்தானில் `punycode`, `idna` என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் ‘கொ’. இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியெண் ஒரு வழி. க-வுக்குப் பின் எகரக் குறியும், அதன் பின் ஆகாரக் குறியும் தனித்தனியாக இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுதான், கண்ணால் வித்தியாசம் காண முடியாது. பியூனிகோடுக்கு இரண்டும் வேறு வேறு:

```python
a = '\u0b95\u0bca'          # க + ஒகரக் குறி
b = '\u0b95\u0bc6\u0bbe'    # க + எகரக் குறி + ஆகாரக் குறி
a.encode('punycode')        # b'clc0i'
b.encode('punycode')        # b'clc6fxa'
b.encode('idna')            # b'xn--clc0i'
```

சரியான பெயர் `xn--clc0i`. பிரிந்து கிடக்கும் வடிவத்தை முதலில் ஒன்றாக்க வேண்டும், இதை யூனிகோடில் என்எஃப்சி என்பார்கள். `idna` அதைச் செய்துவிடுகிறது, `punycode` செய்யாது. யாராவது `punycode`ஐ மட்டும் பயன்படுத்தி முன்னால் `xn--` ஒட்டிவிட்டால், கொ, கோ, கௌ வரும் சில பெயர்கள் மட்டும் சிலருக்கு மட்டும் திறக்காது. விசைப்பலகையைப் பொறுத்து மாறும் பிழை இது, கண்டுபிடிக்கப் படாத பாடு பட வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை போதும்: `xn--` பெயரைத் தமிழாக்கி, மறுபடி ஐடிஎன்ஏ வழியாக ஆஸ்கியாக்குங்கள். புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். `xn--clc6fxa` தமிழாகும்போது ‘கொ’ போலவே தெரியும், ஆனால் திரும்பும்போது `xn--clc0i` என்று வரும். ஆகவே அது செல்லாத பெயர்.

என்எஃப்சியால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. ‘மௌனம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் எகரக் குறிக்குப் பின் ள என்ற எழுத்தைத் தட்டி ‘மெளனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஔகாரக் குறியின் பின்பாதியும் ள-வும் பார்க்க ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். யூனிகோடைப் பொறுத்தவரை அவை வெவ்வேறு எழுத்துகள், எந்த விதியும் அவற்றை ஒன்றாக்காது. இரண்டும் செல்லுபடியாகும் இரண்டு தனித்தனிப் பெயர்கள். ஔகாரம் உள்ள பெயரை வாங்குபவர் இரண்டு வடிவத்தையும் சேர்த்து வாங்குவதே நல்லது என்பேன்.

ஐடிஎன்ஏவிலேயே இரண்டு பதிப்புகள் இருக்கின்றன: 2003இல் வந்தது ஒன்று, 2010இல் ஆவணமாகி ஐடிஎன்ஏ 2008 என்று அழைக்கப்படுவது இன்னொன்று. பெரும்பாலான பெயர்களுக்கு இரண்டும் ஒரே விடை தரும். மாறும் இடங்களில் ஒன்று இலங்கைக்கு நெருக்கமானது. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ என்று எழுதும்போது நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்து ஒன்று வருகிறது. அது இல்லாவிட்டால் எழுத்தின் வடிவமே மாறிவிடும். 2003 பதிப்பு அதைத் தூக்கி எறிந்துவிட்டது, 2008 பதிப்பு உரிய இடத்தில் வந்தால் வைத்துக்கொள்கிறது. பழைய விடை, புதிய விடை இரண்டும் இப்படி:

```
xn--10cl1a0b
xn--10cl1a0b660p
```

முன்பகுதி மாறவில்லை, வால் மட்டும் நீண்டிருக்கிறது. காரணம் நமக்கு இப்போது தெரியும். இணைப்பு எழுத்தின் குறியெண் 8205, சிங்கள எழுத்துகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. பெரியது கடைசியில்தான் எழுதப்படும். அது நுழையும் இடமோ சொல்லின் நடுவே. தமிழிலும் க்-உம் ஷ-வும் சேர்ந்துவிடாமல் பிரித்துக் காட்ட நடுவில் போடும் தெரியாத பிரிப்பு எழுத்துக்கு இதே கதைதான். பைத்தானில் கூடவே வரும் `idna` பழைய பதிப்பு என்பதை நினைவில் வையுங்கள். புதிய விதிப்படி வேண்டுமென்றால் `idna` என்ற அதே பெயரில் உள்ள தனித் தொகுப்பை நிறுவி `idna.encode()` பயன்படுத்த வேண்டும்.

உலாவி ஏன் சில நேரம் தமிழைக் காட்டுவதில்லை

2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் `xn--80ak6aa92e.com` என்ற பெயரைப் பதிவுசெய்து காட்டினார். அதன் எழுத்துகள் அத்தனையும் சிரிலிக். ஆனால் உலாவியில் அது ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே தெரிந்தது. அதுவரை உலாவிகள் முக்கியமாகக் கவனித்தது ஒரே துண்டில் இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருக்கின்றனவா என்பதைத்தான். இங்கே கலப்பே இல்லாததால் அந்தச் சோதனையில் சிக்கவில்லை. அதன் பிறகு குரோம் 58ஆம் பதிப்பில் இப்படிப்பட்ட பெயர்களை `xn--` வடிவிலேயே காட்டத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸில் எல்லாப் பெயர்களையும் அப்படியே காட்டச் சொல்ல `about:config` பக்கத்தில் `network.IDN_show_punycode` என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு தமிழ்ப் பெயர் உங்கள் திரையில் `xn--` என்று தெரிந்தால், தளம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தப் பெயரில் உலாவிக்கு ஏதோ சந்தேகம், அல்லது அந்த மென்பொருளுக்குத் திருப்பி மாற்றத் தெரியவில்லை. சந்தேகமான இணைப்பு வந்தால் எழுத்துகளைப் பார்ப்பதைவிட ஆஸ்கி வடிவத்தைப் பார்ப்பதே நம்பகமானது. முழுக்கத் தமிழாக இருக்கும் துண்டு என்றால் `xn--` கழிந்த பிறகு இரண்டாவது குறி பெரும்பாலும் `k` அல்லது `l`, மூன்றாவது `c` என்று இருக்கும். தமிழ் என்று சொல்லிக்கொண்டு வேறு மாதிரித் தொடங்கினால் உள்ளே வேறு ஏதோ எழுத்து கலந்திருக்க வாய்ப்புண்டு.

சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் தேவைப்படுவது இவ்வளவுதான். மாற்றம் முழுப் பெயருக்கும் சேர்த்து அல்ல, புள்ளியால் பிரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நடக்கும். `உதாரணம்.இலங்கை` என்பது `xn--zkc6cc5bi7f6e.xn--xkc2al3hye2a` ஆகும். என்ஜின்எக்ஸ் போன்ற சேவையகத்தில் `server_name` என்ற இடத்தில் இந்த ஆஸ்கி வடிவத்தைத்தான் எழுத வேண்டும். டிஎல்எஸ் சான்றிதழிலும் இதுவே இருக்கும்.

இணைய முகவரியிலும் மின்னஞ்சல் முகவரியிலும் டொமைன் பெயருக்கு வெளியே பியூனிகோடுக்கு வேலை இல்லை. முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் தமிழ்ப் பக்கப் பெயர் யுடிஎஃப்-8 பைட்டுகளாகி `%E0%AE` என்று தொடங்கும் விழுக்காட்டுக் குறிகளாக மாறும், அது முற்றிலும் வேறு முறை. மின்னஞ்சலில் `@` குறிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு மட்டுமே பியூனிகோட். அதற்கு முன்னால் உள்ள பயனர் பெயர் தமிழில் இருந்தால் அதை ஆஸ்கியாக்கும் வழியே வகுக்கப்படவில்லை. வழியில் உள்ள அஞ்சல் சேவையகங்கள் `SMTPUTF8` என்ற நீட்டிப்பை ஏற்பவையாக இருந்தால் அஞ்சல் போய்ச் சேரும், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும்.